சார்ட் செய்தும் வரிசை சரியாக வரவில்லையா? முதலில் எது, பிறகு எது என்று பாருங்கள்

பால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றின் கொள்முதல் ஷீட்டை வைத்து இதை விளக்குகிறேன். நான் அடிக்கடி உட்கார்ந்து சரிசெய்யும் ஷீட் இந்த வகைதான். ஒரே ஷீட்டில் தேதி, வேளை, ஆள் என்று மூன்று விதமாக அடுக்க வேண்டிய தேவை இருப்பதால், சார்ட்டில், அதாவது எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ `Sort` கொடுத்து வரிகளை அடுக்கும்போது, வரும் கோளாறுகள் பெரும்பாலும் இதிலேயே தென்பட்டுவிடும். உங்கள் ஷீட் கடையின் கடன் கணக்காகவோ பள்ளி மதிப்பெண் பட்டியலாகவோ இருக்கலாம். நெடுவரிசைகளின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஷீட்டின் அமைப்பு இது: A-யில் வரிசை எண், B-யில் தேதி, C-யில் வேளை (காலை அல்லது மாலை), D-யில் உறுப்பினர் எண், E-யில் பெயர், F-இல் லிட்டர். அறுபது உறுப்பினர்கள், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பத்து நாளுக்கு ஒரு பட்டுவாடா. எல்லோரும் எல்லா வேளையும் பால் ஊற்றினால் பத்து நாளில் 1200 வரிகள் சேரும்.

தொடங்கும் முன் A நெடுவரிசையைப் பற்றி ஒரு சொல். உங்கள் ஷீட்டில் வரிசை எண் இல்லாவிட்டால், எந்தச் சார்ட்டையும் தொடும் முன் 1, 2, 3 என்று எண்களாகவே இட்டுவிடுங்கள். `=ROW()` போன்ற ஃபார்முலாவாக இட வேண்டாம். சார்ட் செய்ததும் அது புதிய இடத்துக்கு ஏற்ப மாறிவிடும், பழைய வரிசை தொலைந்துவிடும். எண்ணாக இருந்தால் எத்தனை முறை கலைத்தாலும் A-யை வைத்து ஒருமுறை சார்ட் செய்து, பதிவு செய்த வரிசைக்கே திரும்பிவிடலாம்.

இனி ஒவ்வொரு கோளாறாகப் பார்ப்போம். உங்கள் ஷீட்டில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மற்றவை அதன்மேல்தான் நிற்கின்றன.

## ஒரே உறுப்பினரின் வரிகள் சேராமல் சிதறிக் கிடக்கின்றன

எக்செலில் `Data` → `Sort` திறந்து மூன்று நிலைகள் கொடுத்திருக்கிறீர்கள். தேதி இருக்கிறது, வேளை இருக்கிறது, உறுப்பினர் எண்ணும் இருக்கிறது. ஆனாலும் 7-ஆம் எண் உறுப்பினரின் பால் ஷீட் முழுக்கச் சிதறி வருகிறது.

மூன்றும் இருந்தால் போதாது, எது மேலே இருக்கிறது என்பதில்தான் விஷயம். முதல் நிலை (`Sort by`) ஷீட் முழுவதையும் பெரிய கட்டுகளாகப் பிரிக்கிறது. இரண்டாம் நிலை (`Then by`) அந்தந்தக் கட்டுக்குள் மட்டும் வேலை செய்கிறது. முதல் நிலையில் இரண்டு வரிகளின் மதிப்பு ஒன்றாக இருந்தால்தான் இரண்டாம் நிலையிடம் கேள்வியே போகும். அங்கும் சமமாக இருந்தால்தான் மூன்றாவது.

இரண்டே உறுப்பினர், இரண்டே நாள் என்று சுருக்கிப் பார்க்கலாம். பால் ஊற்ற வந்த வரிசையில் பதிவானது இது:

| தேதி | வேளை | உறுப்பினர் எண் | லிட்டர் |
|---|---|---|---|
| 01-06 | காலை | 12 | 4.5 |
| 01-06 | காலை | 7 | 6.0 |
| 01-06 | மாலை | 7 | 5.0 |
| 01-06 | மாலை | 12 | 3.5 |
| 02-06 | காலை | 12 | 4.0 |
| 02-06 | காலை | 7 | 6.5 |
| 02-06 | மாலை | 7 | 5.5 |
| 02-06 | மாலை | 12 | 3.0 |

தேதி, வேளை, உறுப்பினர் எண் என்ற வரிசையில் நிலைகளைக் கொடுத்தால் 7, 12, 7, 12, 7, 12 என்று மாறிமாறி வரும். இது தவறான சார்ட் இல்லை. ‘ஒன்றாம் தேதி காலையில் சங்கத்துக்கு எவ்வளவு பால் வந்தது?’ என்று கேட்பவருக்கு இதுதான் சரியான அடுக்கு. அந்த வேளையின் இரண்டு வரிகளும் அடுத்தடுத்து நிற்கும், கூட்டினால் 10.5 லிட்டர். கேனில் ஏற்றிய அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க இதைத்தான் எடுப்பார்கள்.

பட்டுவாடாவுக்குக் கேட்கும் கேள்வி வேறு: ‘7-ஆம் எண்காரர் எவ்வளவு ஊற்றினார்?’ அதற்கு உறுப்பினர் எண்தான் மேலே வர வேண்டும், பிறகு தேதி, பிறகு வேளை.

| உறுப்பினர் எண் | தேதி | வேளை | லிட்டர் |
|---|---|---|---|
| 7 | 01-06 | காலை | 6.0 |
| 7 | 01-06 | மாலை | 5.0 |
| 7 | 02-06 | காலை | 6.5 |
| 7 | 02-06 | மாலை | 5.5 |
| 12 | 01-06 | காலை | 4.5 |
| 12 | 01-06 | மாலை | 3.5 |
| 12 | 02-06 | காலை | 4.0 |
| 12 | 02-06 | மாலை | 3.0 |

7-க்கு 23 லிட்டர், 12-க்கு 15 லிட்டர். உறுப்பினர் தன் கையிலுள்ள பால் அட்டையை இதன் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழாக விரலை ஓட்டிச் சரிபார்க்கலாம்.

இதிலேயே தேதியையும் வேளையையும் மட்டும் இடம் மாற்றி, உறுப்பினர் எண், வேளை, தேதி என்று கொடுத்தால் 7-இன் காலைப் பால் எல்லாம் முதலில் (6.0, 6.5), மாலைப் பால் எல்லாம் பிறகு (5.0, 5.5) வரும். மாலையில் பால் குறைந்துகொண்டே போகிறதா என்று பார்க்க நினைக்கும் மாட்டுக்காரருக்கு இது பயன்படும். பால் அட்டையோடு ஒப்பிடுவதற்கு உதவாது.

சரிசெய்வது எளிது. `Sort` பெட்டியில் ‘உறுப்பினர் எண்’ என்ற நிலையைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள அம்புக்குறியை அழுத்தி அதை உச்சிக்குக் கொண்டுபோங்கள். நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கத் தேவையில்லை. கூகுள் ஷீட்ஸில் `Data` → `Sort range` → `Advanced range sorting options` என்று போய், முதலில் உறுப்பினர் எண்ணைத் தேர்ந்து, `Add another sort column` அழுத்தி மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். எது மேலே வர வேண்டும் என்று குழப்பமாக இருந்தால், எதைக் கூட்டப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். ‘ஆளுக்கு எவ்வளவு’ என்றால் ஆள் மேலே, ‘நாளுக்கு எவ்வளவு’ என்றால் நாள் மேலே.

## ஒவ்வொரு நெடுவரிசையாக A→Z அழுத்தினேன், கடைசியாக அழுத்தியது மட்டும் நிற்கிறது

`Sort` பெட்டியைத் திறக்காமல், உறுப்பினர் எண்ணில் நின்று ஒருமுறை A→Z, தேதியில் நின்று ஒருமுறை, வேளையில் நின்று ஒருமுறை என்று அழுத்துவோர் நிறையப் பேர். ஃபில்டர் அம்புக்குறியிலிருந்து சார்ட் செய்தாலும் இதேதான் நடக்கும். முடிவில் காலை எல்லாம் ஒரு பக்கம், மாலை எல்லாம் ஒரு பக்கம் என்று வந்து நிற்கும். உறுப்பினர் எண்ணைத்தானே முதலில் அழுத்தினோம் என்று திகைப்பார்கள்.

இந்த முறையில் கடைசியாக அழுத்துவதுதான் முதல் நிலை ஆகிறது. காரணம் புரிய, பால் ஒப்புகைச் சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் காலைச் சீட்டுகளை ஒரு கட்டாகவும் மாலைச் சீட்டுகளை ஒரு கட்டாகவும் போட்டு, காலை மேலே இருக்கும்படி ஒன்றாக்குங்கள். இப்போது அந்தக் கட்டை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தேதிவாரியாகக் குவியல் போடுங்கள். ஒன்றாம் தேதிக் குவியலில் காலைச் சீட்டுகள் முதலில் விழும், மாலைச் சீட்டுகள் பிறகு விழும். நீங்கள் அதற்காகத் தனியாக எதுவும் செய்யவில்லை, முன்பு அடுக்கியது அப்படியே உள்ளே பாதுகாப்பாக இருக்கிறது. கடைசியாக உறுப்பினர் எண்ணின்படி குவியல் போட்டால், ஒவ்வொருவருடைய குவியலிலும் தேதி சரியாக, வேளை சரியாக இருக்கும்.

எக்செலும் இதைத்தான் செய்கிறது. சமமாக உள்ள வரிகளின் முந்தைய ஒழுங்கை அது கலைப்பதில்லை. அதனால் ஒவ்வொன்றாக அழுத்துகிறவர் தலைகீழாகப் போக வேண்டும்: வேளை, பிறகு தேதி, கடைசியில் உறுப்பினர் எண். துளையிட்ட அட்டைகளை இயந்திரத்தில் அடுக்கிய காலத்திலும் எண்ணின் வலதுகோடி இலக்கத்தில் தொடங்கி இடப்பக்கமாக வருவதுதான் வழக்கம். எக்செல் 2003 வரை ஒரே தடவையில் மூன்று நிலைகள்தான் கொடுக்க முடியும் என்பதால், நான்காவது தேவைப்பட்டவர்கள் கடைசி நிலையை முதலில் தனியாகச் சார்ட் செய்துவிட்டு, அதன்பின் மற்ற மூன்றையும் கொடுத்தார்கள். 2007 பதிப்பிலிருந்து 64 நிலைகள் வரை கொடுக்கலாம்.

எனக்கு இந்தத் தலைகீழ் முறை பிடிக்காது. நடுவில் ஒரு போன் வந்து, எதுவரை அழுத்தினோம் என்பது மறந்துபோனால் தவறு எங்கே என்று ஷீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. `Sort` பெட்டியில் கொடுத்தால் மூன்று நிலைகளும் கண்முன் இருக்கும்.

## இரண்டாம் நிலை வேலையே செய்யவில்லை

இதுதான் ஆட்களை அதிக நேரம் தேடவைக்கும் கோளாறு. தேதி, வேளை, உறுப்பினர் எண் என்று சரியாகத்தான் கொடுத்திருக்கிறீர்கள், நாள்வாரி அறிக்கைக்கு. தேதி ஒழுங்காக வருகிறது. ஆனால் ஒரு வேளைக்குள் உறுப்பினர் எண் 12, 7, 45, 3 என்று வந்த வரிசையிலேயே நிற்கிறது. எத்தனை தடவை அழுத்தினாலும் அசையவில்லை.

தேதி உள்ள செல் ஒன்றைக் கிளிக் செய்து ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். செல்லில் 01-06-2024 என்று தெரியும், பட்டையில் 01-06-2024 06:12:00 என்று இருக்கும். பால் அளக்கும் இயந்திரத்திலிருந்து இறக்கிய பதிவுகளில் தேதியோடு நேரமும் சேர்ந்தே வருவதுண்டு. நெடுவரிசைக்குத் தேதி வடிவம் மட்டும் கொடுத்திருப்பதால் நேரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்கு ஒரே தேதியாகத் தெரியும் அறுபது வரிகளும் எக்செலுக்கு அறுபது வெவ்வேறு மதிப்புகள். முதல் நிலையில் எந்த இரண்டு வரியும் சமமாக இல்லையென்றால், இரண்டாம் நிலையிடம் கேள்வி போகவே போகாது.

ஷீட் முழுவதற்கும் சோதிக்க, காலியான நெடுவரிசை ஒன்றில் இதை இட்டுக் கீழே வரை இழுங்கள். `FALSE` வரும் இடமெல்லாம் நேரம் ஒளிந்திருக்கிறது.

```
=MOD(B2,1)=0
```

சரிசெய்ய, இன்னொரு உதவி நெடுவரிசையில் முழு நாளை மட்டும் பிரித்தெடுத்து, அதற்குத் தேதி வடிவம் கொடுத்து, B-க்குப் பதில் அதை முதல் நிலையாக வையுங்கள்.

```
=INT(B2)
```

கவனிக்க வேண்டிய ஒன்று. இதே நேரம் ஒட்டிய தேதி, உறுப்பினர் எண்ணுக்குக் கீழே இரண்டாம் நிலையாக இருக்கும்போது ஒரு தொல்லையும் தராது. ஒரு ஆளின் வரிகளுக்குள் நேரப்படி அடுக்கினால் காலை முன்னாலும் மாலை பின்னாலும் தானாகவே வந்துவிடும், வேளை என்ற நிலைகூடத் தேவைப்படாது. கீழே இருக்கும்போது உதவும் நெடுவரிசை மேலே போனால் தனக்குக் கீழுள்ள எல்லாவற்றின் வாயையும் அடைத்துவிடுகிறது. A-யில் உள்ள வரிசை எண்ணும் அப்படித்தான். அதைக் கடைசி நிலையாக மட்டும் வையுங்கள்.

தசம எண்களிலும் இதே கோளாறு உண்டு. G-யில் பாலின் கொழுப்பு அளவையும் பதிந்து, அதன்படி இறங்குவரிசை, அதற்குள் லிட்டர்படி இறங்குவரிசை என்று கொடுத்தால், திரையில் 4.2 என்று ஒன்றுபோலத் தெரிபவை உள்ளே 4.18, 4.23 என்று இருக்கும். `=ROUND(G2,1)` என்று உதவி நெடுவரிசை போட்டு அதை வைத்து அடுக்கினால் லிட்டர் நிலை உயிர்பெறும்.

## முருகேசனின் பால் இன்னொரு முருகேசனோடு கலந்துவிட்டது

உறுப்பினர் எண்ணுக்குப் பதில் பெயரை முதல் நிலையாக வைப்பதால் வருவது. ஒரு சங்கத்தில் இரண்டு முருகேசன்கள் இருப்பது சாதாரணம். பெயர், தேதி, வேளை என்று கொடுத்தால் எக்செலுக்கு இருவரும் ஒரே ஆள். ஒன்றாம் தேதி காலை இரண்டு வரிகள், மாலை இரண்டு வரிகள் என்று பின்னிப் பிணைந்து வரும்.

பெயர் அகரவரிசையில்தான் பட்டியல் வேண்டும் என்றால் நான்கு நிலைகள் கொடுங்கள்: பெயர், உறுப்பினர் எண், தேதி, வேளை. பெயர் ஒன்றாக உள்ளவர்களை இரண்டாம் நிலை பிரித்துவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரே ஆளின் பெயரில் சில வரிகளில் கடைசியில் ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்திருந்தால், அவர் இரண்டு கட்டாகப் பிரிவார். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, `=LEN(E2)` போட்டால் ஓர் எண்ணிக்கை கூடுதலாக வரும். `=TRIM(E2)` அதை நீக்கும். ஆனால் ‘முருகேசன்’ என்று சில இடத்திலும் ‘முருகேசன் கி’ என்று சில இடத்திலும் எழுதியதை எந்த ஃபார்முலாவும் ஒன்றாக்காது. அதனால்தான் பணம் சம்பந்தப்பட்ட ஷீட்டில் பெயரை முதல் நிலையாக வைக்காதீர்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வேன்.

## 103, 12, 7 என்று எண்கள் தலைகீழாக வருகின்றன

உறுப்பினர் எண் உரையாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. உரை என்றால் முதல் எழுத்தை வைத்துத்தான் அடுக்கும், 1-இல் தொடங்கும் 103-உம் 12-உம் 7-க்கு முன்னால் போய்விடும். பாதி எண், பாதி உரை என்று கலந்திருந்தால் எண்கள் எல்லாம் முதலில் வந்து, உரைகள் அதன்பின் வரும். 7-ஆம் உறுப்பினரின் சில வரிகள் மேலேயும் சில வரிகள் ஷீட்டின் அடியிலும் கிடக்கும்.

சார்ட் செய்யும்போது எக்செல் இதைக் கண்டுகொண்டு, எண்ணைப் போலத் தெரிவதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளவா, இல்லை தனித்தனியாக அடுக்கவா என்று கேட்கும். பலர் படிக்காமல் `OK` கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கேள்வியை நம்பிக்கொண்டிருக்காமல் நெடுவரிசையையே சரிசெய்துவிடுவது நல்லது. D-யைத் தேர்ந்து `Data` → `Text to Columns` திறந்து உடனே `Finish` கொடுங்கள். உரையாக இருந்த எண்கள் எண்ணாகிவிடும். `=ISNUMBER(D2)` எல்லா வரியிலும் `TRUE` காட்டினால் முடிந்தது.

## ஒரு மாதம் சரியாக வருகிறது, இரண்டு மாதம் சேர்த்தால் தேதி கலைகிறது

ஜூன் மாத ஷீட் அழகாக அடுக்குகிறது. ஜூலையையும் அதன் கீழே ஒட்டிச் சார்ட் செய்தால் 01.06, 01.07, 02.06, 02.07 என்று வருகிறது. நிலைகளின் வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போவார்கள். கோளாறு நிலைகளின் வரிசையில் இல்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, 01.06.2024 என்று புள்ளி வைத்து எழுதிய தேதி. நம் ஊர்க் கணினிகளின் வழக்கமான அமைப்பில் எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்வதில்லை, உரையாக வைத்துக்கொள்கிறது. ஒரே மாதத்துக்குள் உரையாக அடுக்கினாலும் 01, 02, 03 என்று சரியாகத்தான் வரும், அதனால் தவறு தெரியாது. இரண்டு மாதம் சேர்ந்ததும் முதல் இரண்டு இலக்கங்களை வைத்து அடுக்குவது வெளிப்படும். B-யைத் தேர்ந்து `Text to Columns` திறந்து, மூன்றாம் திரையில் `Date` என்பதில் `DMY` தேர்ந்து `Finish` கொடுத்தால் உண்மையான தேதியாகும்.

இரண்டாவது காரணம் ஆபத்தானது. கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில், அதாவது மாதம் முதலில் என்று இருந்து, நீங்கள் 05/06/2024 என்று ஜூன் 5-ஐப் பதிந்தால் எக்செல் அதை மே 6 என்று சேமிக்கும். 13/06/2024 என்பதில் 13-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அது உரையாக நின்றுவிடும். ஜூன் 1 முதல் 12 வரை ஜனவரி 6, பிப்ரவரி 6 என்று டிசம்பர் 6 வரை போகும், 13 முதல் உரையாக அதன் கீழே நிற்கும். மொத்தத்தில் ஒரு மாதத்துக்குள் வரிசை சரியாகவே தெரியும்! சோதிக்க, தேதி வடிவத்தை மாதப் பெயர் தெரியும்படி மாற்றிப் பாருங்கள். ஜூன் ஷீட்டில் பிப்ரவரி, மார்ச் என்று எழுந்தால் இதுதான் கோளாறு.

இதற்கு `Text to Columns` உதவாது, தவறான தேதியாக மாறியவை ஏற்கெனவே எண்ணாகிவிட்டன. உதவி நெடுவரிசையில் இதை இடுங்கள்:

```
=IF(ISNUMBER(B2),
 DATE(YEAR(B2),DAY(B2),MONTH(B2)),
 DATE(RIGHT(B2,4),MID(B2,4,2),LEFT(B2,2)))
```

எண்ணாக இருப்பவற்றில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றும், உரையாக நிற்பவற்றை 13/06/2024 என்ற வடிவத்திலிருந்து பிரித்தெடுக்கும். எல்லாத் தேதிகளும் ஒரே தவறான அமைப்பில் பதிவாகியிருந்தால் மட்டுமே இதைப் பயன்படுத்துங்கள். சில நாள் ஒரு கணினியிலும் சில நாள் இன்னொன்றிலும் பதிந்திருந்தால், சரியாக இருந்தவற்றையும் இது புரட்டிவிடும்.

## மாலை முன்னால், காலை பின்னால் வருகிறது

வேளையைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது வராது. ‘க’ எழுத்து ‘ம’-வுக்கு முன்னால் இருப்பதால் காலை, மாலை என்று தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது. `Morning`, `Evening` என்று பதிகிற ஷீட்டில் அகரவரிசைப்படி `Evening`தான் முதலில். எக்செலில் அந்த நிலையின் `Order` பகுதியில் `Custom List` தேர்ந்து, `Morning` ஒரு வரியிலும் `Evening` அடுத்த வரியிலும் எழுதி `Add` கொடுத்தால் அந்த ஒழுங்கை ஏற்றுக்கொள்ளும். வேறு மென்பொருளுக்கும் போகப்போகிற ஷீட் என்றால், 1, 2 என்று உதவி நெடுவரிசை போட்டு அதை வைத்து அடுக்குவது எங்கேயும் நிற்கும்.

## லிட்டர் ஒரு ஆளுடையது, பெயர் இன்னொரு ஆளுடையது

உடனே `Ctrl+Z`. வேறு எதையும் தொடாதீர்கள், சேமிக்காதீர்கள்.

ஒரே நெடுவரிசையைத் தேர்ந்துகொண்டு சார்ட் கொடுக்கும்போது எக்செல் `Expand the selection` வேண்டுமா, `Continue with the current selection` வேண்டுமா என்று கேட்கும். இரண்டாவதைக் கொடுத்தால் அந்த நெடுவரிசை மட்டும் அடுக்கப்பட்டு, மற்றவை நின்ற இடத்திலேயே நிற்கும். ஷீட்டின் நடுவில் முற்றிலும் காலியான நெடுவரிசை இருந்தாலும் ஆபத்துதான். செல் ஒன்றில் நின்று சார்ட் கொடுத்தால் அந்தக் காலி இடம் வரைதான் எக்செல் ஒரே பட்டியலாக எடுத்துக்கொள்ளும், அதற்கு அப்பால் உள்ளது அசையாது. கேள்விகூட வராது.

கோப்பைச் சேமித்து மூடிய பிறகு இது தெரியவந்தால், சார்ட்டால் திரும்பக் கொண்டுவர வழியில்லை. எந்த லிட்டர் எந்த வரிக்குரியது என்ற தகவலே அழிந்துவிட்டது. பழைய நகல் இருந்தால் அது, இல்லையென்றால் ஒப்புகைச் சீட்டுகளை வைத்து மறுபடி பதிய வேண்டியதுதான்.

## ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று மொத்தம் வருகிறது

நிலைகளின் வரிசை பணமாக மாறும் இடம் இது. எக்செலில் `Data` → `Subtotal` என்று ஒரு வசதி உண்டு. `At each change in` என்ற இடத்தில் உறுப்பினர் எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு உறுப்பினருக்கும் அடியில் மொத்தம் போட்டுத் தரும். அந்த ஆங்கிலச் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: உறுப்பினர் எண் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு மொத்தம். இந்த ஆளை முன்பே பார்த்தோமா என்று அது நினைவில் வைத்திருப்பதில்லை. மேல் வரியில் உள்ள எண்ணிலிருந்து இந்த வரியின் எண் வேறுபடுகிறதா என்று மட்டுமே பார்க்கிறது.

தேதி முதலில் வரும்படி அடுக்கிய நம் எட்டு வரி ஷீட்டில் இதைப் போட்டால் 7, 12, 7, 12 என்று ஒவ்வொரு வரியிலும் எண் மாறுவதால் எட்டு மொத்தங்கள் வரும். அது பார்த்தவுடன் தெரிந்துவிடும், ஆபத்தில்லை. பெயரை வைத்து அடுக்கியோ பாதி உரை எண்ணோடு அடுக்கியோ போடும்போதுதான் தெரியாது. ஒரு சங்கத்தில் நான் நேரில் பார்த்தது இது. சில உறுப்பினர் எண்கள் உரையாக இருந்ததால் அந்த ஆட்களுக்கு மேலே ஒரு மொத்தம், ஷீட்டின் அடியில் இன்னொரு மொத்தம். பில் தயார் செய்தவர் முதலில் கண்ணில் பட்ட மொத்தத்தை எடுத்து எழுதிக்கொண்டு போய்விட்டார். ஓர் அம்மா தன் பால் அட்டையை எடுத்துவந்து, “இதுல மூணு வேளை பாலைக் காணோமே தம்பி” என்று கேட்ட பிறகுதான் கீழே போய்ப் பார்த்தோம். அவர் கேட்டதால் தெரிந்தது. கேட்காதவர்கள் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள், அவர்களைக் கூப்பிட்டு மீதியைக் கொடுத்தது அன்று மாலை.

ஆகவே `Subtotal` போடும் முன் உறுப்பினர் எண்தான் முதல் நிலை என்பதையும், D முழுக்க எண்தான் என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். போட்ட பிறகு, கடைசியில் வரும் `Grand Total` வரியை விட்டுவிட்டு, மொத்த வரிகள் எத்தனை என்று எண்ணுங்கள். பால் ஊற்றிய உறுப்பினர்களின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடினாலும் யாரோ ஒருவர் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்.

அடுக்கும் வரிசையை நம்பாமல் மொத்தம் வேண்டுமென்றால், உறுப்பினர் பட்டியலைத் தனி ஷீட்டில் வைத்து, A2-வில் எண் இருக்க, B2-வில் இப்படி இடலாம்:

```
=SUMIFS(Sheet1!F$2:F$1201,Sheet1!D$2:D$1201,A2)
```

கொள்முதல் ஷீட் எப்படிக் கலைந்து கிடந்தாலும் இது அதே விடையைத் தரும். நான் இப்போது இரண்டையும் போட்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பில்லை அச்சிடச் சொல்கிறேன்.

அச்சுக்கு மட்டும் உறுப்பினர்வாரி அடுக்கு வேண்டும், மூல ஷீட் பதிவு வரிசையிலேயே இருக்கட்டும் என்பவர்கள், புதிய ஷீட்டில் ஒரே ஃபார்முலாவில் அடுக்கிய நகலை எடுக்கலாம். முதல் வரி எக்செல் 2021-க்கும் 365-க்கும், இரண்டாவது கூகுள் ஷீட்ஸுக்கு.

```
=SORTBY(Sheet1!A2:F1201,Sheet1!D2:D1201,1,Sheet1!B2:B1201,1,Sheet1!C2:C1201,1)
=SORT(Sheet1!A2:F1201,4,TRUE,2,TRUE,3,TRUE)
```

இரண்டிலும் இடமிருந்து வலமாக எழுதும் வரிசையே நிலைகளின் வரிசை. முதலாவதில் D, B, C என்று வருவதும் இரண்டாவதில் 4, 2, 3 என்று வருவதும் உறுப்பினர் எண், தேதி, வேளைதான். நாள்வாரி அறிக்கை கேட்டால் முதலாவதில் B, C, D என்றும் இரண்டாவதில் 2, 3, 4 என்றும் இடம் மாற்றி எழுதுங்கள்.